நான்கு பங்குதாரர்கள், ஒரே பாக்கெட்: முரண்படும் கருத்துகளை ஒரே வரிசைப் பட்டியலாக்குவது எப்படி?

எங்கள் மசாலா நிறுவனத்தில் நான்கு பேர் பங்குதாரர்கள். புதிய பாக்கெட்டைப் பற்றி நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்காமல், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். குடும்ப நிறுவனங்களுக்குப் பாக்கெட் வடிவமைத்துக் கொடுப்பதே என் தொழில் என்பதால், அண்மையில் முடித்த ஒரு வேலையையே இந்தப் பக்கம் முழுவதும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அது 200 கிராம் சாம்பார் பொடிக்கான பவுச். பங்குதாரர்கள் நால்வர்: கொள்முதலையும் பணத்தையும் கவனிக்கும் மூத்த அண்ணன், கடை கடையாகச் சரக்குக் கொண்டுபோகும் தம்பி, வறுப்பும் அரவையும் தன் கையில் வைத்திருக்கும் அவர்களுடைய சகோதரி, இணையத்தில் விற்பனை தொடங்கியிருக்கும் அண்ணன் மகன்.

அந்த நால்வரையும் அவரவர் இடத்திலேயே சந்தித்தேன். மூத்தவரைக் கல்லாவில், தம்பியை வேனில், சகோதரியை அரவைக் கூடத்தில், மகனை அவருடைய மேசையில். கையில் கொண்டுபோனது திரையில் காட்டும் படம் அல்ல. பவுச்சின் உண்மையான அளவில் அச்சிட்டு, பொடி நிரப்பிய பழைய பாக்கெட்டின் மேல் ஒட்டிய மாதிரி. நால்வருக்கும் ஒரே மாதிரி, அதன் மேல் ஒரே தேதி. இது சிறிய ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் சென்ற வாரத்து வடிவத்தைப் பார்த்தும் இன்னொருவர் இந்த வாரத்து வடிவத்தைப் பார்த்தும் பேசிக்கொண்டிருப்பதையே கருத்து வேறுபாடு என்று பல வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலையிலும் தம்பி முதலில் "மஞ்சள் பழுப்படிச்சுக் கிடக்கு" என்றார். அவர் பார்த்தது வாட்ஸ்அப்பில் மூன்று கை மாறி, தரம் குறைந்து வந்த படம். மாதிரியைக் கையில் கொடுத்ததும் அந்தக் குறையை அவரே விலக்கிக்கொண்டார்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஏற்கெனவே கருத்துச் சொல்லிவிட்டார்கள். அது போதாதா?

போதாது. குடும்பக் குழுவில் பெரியவர் ஒரு வரி எழுதியதும் மற்றவர்கள் கட்டை விரலை உயர்த்திவிடுகிறார்கள். அதை மூன்று பேருடைய ஆதரவு என்று எண்ணிப் பட்டியலில் மேலே ஏற்றினால், மரியாதையைக் கருத்தாகக் கணக்கிட்டவர்கள் ஆவோம். அந்த வீட்டுக் குழுவில் "அப்பா படத்தைப் பெரிதாகப் போடவும்" என்ற மூத்தவரின் வரிக்கு மூன்று பேரும் சம்மதம் தெரிவித்திருந்தார்கள். தனியாகப் பேசியபோது மகன் அந்தப் படமே வேண்டாம் என்றார். தம்பிக்கு அதைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. சகோதரி பேச்சை மாற்றிவிட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. குழுவில் அதிகம் பேசாதவரிடம்தான் நமக்குத் தெரியாத செய்தி இருக்கும். அந்தக் குழுவில் சகோதரி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அரவைக் கூடத்தில் மாதிரியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "கட்டிப் பெருங்காயம் போடுறோமே, பின்னாடி எழுதவே இல்லையே?" என்று கேட்டார். முடிவில் பட்டியலின் முதல் இடத்தில் நின்றது அந்தக் கேள்விதான்.

தனியே கேட்டபோது கிடைத்த மொத்தக் கருத்துகள் 17. மூத்தவரிடமிருந்து 5, தம்பியிடமிருந்து 4, சகோதரியிடமிருந்து 3, மகனிடமிருந்து 5. ஒவ்வொன்றையும் சொன்னவருடைய சொற்களிலேயே, அவருடைய பெயருடன், ஒரு வரியாக எழுதிக்கொண்டேன். இந்தக் கட்டத்தில் எதையும் திருத்தவோ சேர்க்கவோ கூடாது. "நான் சொன்னது இதில் எங்கே?" என்று பிறகு யாராவது கேட்டால் விரல் வைத்துக் காட்டுவதற்கு அந்த மூலத் தாள் வேண்டும்.

ஒருவர் பெரிதாக்கு என்கிறார், இன்னொருவர் வேறொன்றைப் பெரிதாக்கு என்கிறார். இரண்டையும் எப்படி ஒரே வரியாக எழுதுவது?

அவர்கள் சொல்லும் மாற்றத்தை எழுதாமல், அந்த மாற்றத்தைக் கேட்க வைத்த குறையை எழுதுங்கள். பெரும்பாலானோர் குறையைச் சொல்வதில்லை, தாங்களே கண்டுபிடித்த தீர்வைச் சொல்கிறார்கள். தீர்வுகள் ஒன்றோடொன்று மோதும் இடத்திலும் குறை ஒன்றாகவே இருப்பது உண்டு. அதைக் கண்டுபிடிக்க நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: "இப்படியே அச்சடித்துவிட்டால் எந்த இடத்தில், யாருக்கு, என்ன சிக்கல் வரும்?"

அந்த வேலையில் மூத்தவர் நிறுவனப் பெயரைப் பெரிதாக்கச் சொன்னார். தம்பி "சாம்பார் பொடி" என்ற எழுத்து தூரத்தில் தெரியவில்லை என்றார். சாம்பார் பாக்கெட்டும் ரசப்பொடி பாக்கெட்டும் ஒன்றுபோல இருக்கின்றன என்பது அவருடைய இன்னொரு குறை. மகன் ஆங்கிலப் பெயரைப் பெரிதாக்கக் கேட்டார். நான்கையும் அப்படியே செய்தால் முன்பக்கத்தில் எதுவுமே பெரிதாக இருக்காது, எல்லாம் ஒரே அளவில் நெருக்கியடித்து நிற்கும்.

கேள்வியைக் கேட்டபோது மூத்தவர் சொன்ன பதில்: "பழைய ஆளுங்க கடைக்காரர்கிட்ட நம்ம பேரைச் சொல்லித்தான் கேக்குறாங்க. அவர் ரேக்குல தேடுறார்." தம்பியின் பதில்: "கடைக்காரர் சாம்பார்னு நெனச்சு ரசப்பொடியை எடுத்துக் குடுத்துடுறார், மறுநாள் திரும்பி வருது." மகனுடைய பதில், கைபேசித் திரையில் பாக்கெட்டின் படம் நகம் அளவுக்குச் சுருங்கும்போது எது என்ன பொடி என்று புரியவில்லை என்பது. மூன்று பேரும் பேசியது ஒரே குறையைத்தான். தூரத்திலிருந்து பார்க்கும் ஒருவரால், முதலில் யாருடைய பொடி, அடுத்து என்ன பொடி என்று இரண்டு நொடியில் சொல்ல முடியவில்லை. ஆகவே நான்கு கருத்துகளும் பட்டியலில் ஒரே வரியாயின. நிறுவனப் பெயர் இருந்த அளவிலேயே இருந்தது. அதைச் சுற்றி இருந்த பூவேலைப்பாட்டை எடுத்துவிட்டதால் அது எடுப்பாகத் தெரிந்தது. பொடியின் பெயர் ஒரு வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்தாக ஏறியது. பட்டையின் ஓரக் கோடு சாம்பாருக்குச் சிவப்பு, ரசத்துக்குப் பச்சை.

இப்படிச் சேர்த்ததில் 17 கருத்துகள் 11 வரிகளாயின. பெயர்களைப் பற்றிய நான்கு ஒன்றாயின. பின்னணி நிறத்தைப் பற்றிய இரண்டும், அப்பா படத்தைப் பற்றிய இரண்டும், பின்பக்க நெரிசலைப் பற்றிய இரண்டும் ஒவ்வொரு வரியாயின. மற்ற ஏழும் தனித்தனியே நின்றன.

ஒரு எச்சரிக்கை. சொல் ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டு கருத்துகளைச் சேர்த்துவிடாதீர்கள். மூத்தவர் "பின்பக்கம் நெரிசல்" என்றார், மகன் "செய்முறையை எடுத்துவிடலாம்" என்றார். இவை ஒரே குறை. சகோதரியும் செய்முறையைப் பற்றித்தான் பேசினார், ஆனால் அவர் சொன்னது வேறு. பருப்பைச் சேர்த்த பிறகு பொடியைப் போடும்படி அச்சிட்டிருந்தோம். புளிக்கரைசலில் பொடி முதலில் கொதித்து, பச்சை வாசனை போன பிறகுதான் பருப்பைச் சேர்க்க வேண்டும் என்றார். அது இடத்தைப் பற்றிய குறை அல்ல, பிழை. சேர்த்திருந்தால் அது நெரிசலுக்குள் மறைந்துபோயிருக்கும்.

எது முதலில் வர வேண்டும், எது கடைசியில் வர வேண்டும் என்பதை எந்த அளவுகோலால் முடிவு செய்வது?

சொன்னவருடைய வயதாலும் பங்கின் அளவாலும் அல்ல, அதை விட்டுவிட்டால் நேரும் விளைவால். உணவுப் பாக்கெட்டுக்கு நான் நான்கு படிகள் வைத்திருக்கிறேன். சட்டம் கேட்பதும் உண்மைக்கு மாறானதும் முதல் படி. வாங்குபவரையோ கடைக்காரரையோ தடுமாற வைப்பது இரண்டாவது. பழைய வாடிக்கையாளர் அடையாளம் காண்பதைத் தொடும் விஷயங்கள் மூன்றாவது. விருப்பத்தைத் தவிர வேறு காரணம் இல்லாதவை கடைசி.

முதல் படியில் விவாதத்துக்கே இடமில்லை என்பதால் அதை முதலில் பிரித்து எடுத்துவிடுவது நல்லது. பெருங்காயக் கேள்வியையே பாருங்கள். உள்ளடங்கும் பொருட்களை எடையின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. ஒன்றை விட்டுவிட்டால் அது பிழை. சகோதரி பயன்படுத்தும் கூட்டுப் பெருங்காயத்தின் டப்பாவை வாங்கிப் பார்த்தபோது அதில் கோதுமை மாவு சேர்ந்திருந்தது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு சேர்ந்திருப்பது வழக்கமே. கோதுமை ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் இருப்பதால், "கோதுமை உள்ளது" என்ற அறிவிப்பும் பாக்கெட்டில் தனியாக இடம்பெற வேண்டியதாயிற்று. அவர் கேட்டது ஒரு சொல்லைப் பற்றி, பாக்கெட்டில் சேர்ந்தது இரண்டு வரி.

சில முரண்பாடுகளைச் சட்டமே தீர்த்து வைக்கும். மூத்தவர் எல்லாவற்றையும் தமிழில் போடச் சொன்னார். இந்திய உணவு விதிகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். அதற்கு மேல் எந்த மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே ஆங்கிலத்தை எடுக்க வழியில்லை என்பதும், முன்பக்கப் பெயரையும் செய்முறையையும் தமிழில் வைத்துக்கொள்ளத் தடையில்லை என்பதும் ஒரே பதிலில் முடிந்தன. இதை நானே சொன்னால் மகன் பக்கம் பேசுவதாகத் தோன்றும் என்பதால், விதியின் அச்சுப்படியை மூத்தவரிடமே கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சரி என்றார்.

அச்சகத்தில் சிலிண்டர் செலவு என்று சொல்கிறார்கள். பட்டியலின் வரிசையில் அதற்கு இடம் உண்டா?

உண்டு. ஒரே படியில் இருக்கும் இரண்டு மாற்றங்களுக்கு இடையே வரிசை போட அதுவே நல்ல அளவுகோல். அச்சிட்ட பவுச்சுகள் பெரும்பாலும் கிராவூர் முறையில் வருகின்றன. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். கண்ணாடி போன்ற பாலியஸ்டர் படலத்தின் உட்புறத்தில் வடிவத்தைத் திருப்பி அச்சிட்டு, கடைசியில் வெள்ளையைக் கொடுத்து, அதன் பிறகு உள்படலத்தோடு ஒட்டுவார்கள். இந்த வேலைக்கு ஏழு சிலிண்டர்கள்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு, நிறுவனத்தின் தனிச் சிவப்பு, பின்னணியின் தனி மஞ்சள், வெள்ளை.

செதுக்கிய பிறகு ஒரு மாற்றம் வந்தால், அது எத்தனை நிறங்களைத் தொடுகிறதோ அத்தனை சிலிண்டர்களைப் புதிதாகச் செய்ய வேண்டும். வெளிர் நிறத்தின் மேல் கறுப்பு எழுத்தாக உள்ள முகவரியில் ஓர் எழுத்து தவறினால் கறுப்புச் சிலிண்டர் ஒன்று மட்டுமே மாறும். அதே முகவரி ஒரு வண்ணப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தாக இருந்தால், அந்தப் படத்தின் ஒவ்வொரு நிறத்திலும் அந்த எழுத்தின் வடிவம் செதுக்காமல் வெற்றிடமாக விடப்பட்டிருக்கும். எனவே அத்தனை சிலிண்டர்களையும் மாற்ற நேரும். அதிலும் சின்ன எழுத்தாக இருந்தால் நிறங்கள் இம்மி விலகினாலே எழுத்து அடைபட்டு, ஓரத்தில் சிவப்போ நீலமோ நிழலாடும். இதனால்தான் பொருட்கள் பட்டியல், முகவரி, 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவற்றை வெளிர் கட்டத்தில் கறுப்பு எழுத்தாக வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன். நாளைக்கு மாறக்கூடியவை இவைதான்.

ஆகவே பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது தொடும் நிறங்களை எழுதி வையுங்கள். சாம்பார் படத்தின் சிவப்பைக் குறைப்பது நான்கு சிலிண்டர் விஷயம். அதைக் கோப்பில் இருக்கும்போது செய்தால் அரை மணி நேர வேலை, செதுக்கிய பிறகு என்றால் பெருஞ்செலவு. பங்குதாரர்களும் இந்த எண்ணைப் பார்த்த பிறகு, "இது இப்போதே முடிவாக வேண்டும், அது அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று தாங்களாகவே பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

முடிந்த பட்டியல் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். அந்த வேலையின் பட்டியலைச் சுருக்கித் தருகிறேன்.

1. பொருட்கள் பட்டியலில் கூட்டுப் பெருங்காயம், "கோதுமை உள்ளது" அறிவிப்பு. கேட்டவர் சகோதரி. கறுப்பு.
2. முன்பக்கத்தில் "200 கிராம்" என்பதன் எழுத்துயரத்தை விதியின் அளவுக்கு உயர்த்துவது. தம்பி. கறுப்பு.
3. எம்.ஆர்.பி., பேட்ச் எண், தேதி அச்சாகும் கட்டத்தை வெளிர் நிறமாக்குவது. தம்பி. சிவப்பு, வெள்ளை.
4. செய்முறையில் பொடியும் பருப்பும் சேரும் வரிசை. சகோதரி. கறுப்பு.
5. முன்பக்கப் பெயர்கள், வெள்ளைப் பட்டை, வகைக்கு ஏற்ற கோடு. மூத்தவர், தம்பி, மகன். எல்லா நிறங்களும்.
6. பின்னணி நிறம். மூத்தவர், மகன். தனி மஞ்சள், வெள்ளை.
7. படத்தில் சாம்பாரின் சிவப்பைக் குறைப்பது. சகோதரி. நான்கு நிறங்கள்.
8. அப்பா படத்தின் அளவு. மூத்தவர், மகன். கறுப்பு.
9. பின்பக்க நெரிசல். மூத்தவர், மகன். கறுப்பு.

இதன் கீழே கோடு போட்டு, செய்யாத இரண்டையும் காரணத்தோடு எழுதினேன். எல்லாம் தமிழில் என்பது ஒன்று, அதற்கு விதி இடம் தரவில்லை. மகன் கேட்ட கியூஆர் குறியீடு மற்றொன்று. அது போய் நிற்க வேண்டிய இணையப் பக்கம் அப்போது தயாராகவில்லை. செய்யாதவற்றையும் அதே தாளில் எழுதுவது மிக முக்கியம். விடுபட்டதற்கும் பரிசீலித்து விலக்கியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பங்குதாரர் கண்ணால் காண வேண்டும்.

மூன்றாவது வரியைச் சற்று விளக்குகிறேன். தேதியையும் விலையையும் பொடி நிரப்பும் இடத்தில்தான் பாக்கெட்டின் மேல் அச்சிடுகிறார்கள். அந்த மை கறுப்பு. அதற்கென விட்ட கட்டம் அடர் சிவப்பில் இருந்ததால் எண்கள் கண்ணுக்கே படவில்லை. திரையில் பார்க்கும்போது அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும் என்பதால் வடிவமைத்த எனக்கும் இது தோன்றவில்லை. கடைகளில் நிற்கும் தம்பிதான் சொன்னார்.

முக்கியத்துவ வரிசையும் வேலை செய்யும் வரிசையும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பின்னணி நிறம் ஆறாவது இடத்தில் இருந்தாலும், அது முடிவாகாமல் எழுத்தின் நிறத்தைத் தீர்மானிக்க முடியாது. ஆகவே கணினியில் முதலில் தொட்டது ஆறாவது வரியை. முதல் வரிக்கு அர்த்தம், நேரமோ இடமோ போதாமல் போனால் கடைசி வரை விட்டுக்கொடுக்கக் கூடாதது அது என்பதே.

காரணம் எல்லாம் கேட்ட பிறகும் ஒருவர் மஞ்சள் என்றும் மற்றவர் வெள்ளை என்றும் நின்றால்?

அதுதான் உண்மையான முரண்பாடு. பேசிக்கொண்டே இருந்தால் தீராது, கடையில் வைத்துப் பார்க்க வேண்டும். மூத்தவருக்கு மஞ்சள் வேண்டும், ஏனென்றால் பழைய பாக்கெட் மஞ்சள். மகனுக்கு வெள்ளை வேண்டும், ஏனென்றால் கைபேசித் திரையில் பழைய பாக்கெட் அழுக்காகத் தெரிகிறது. இரண்டு காரணங்களும் சரியானவையே.

டிஜிட்டல் அச்சில் இரண்டு நிறத்திலும் சில பாக்கெட்டுகளைச் செய்து, பொடி நிரப்பி, தம்பி சரக்குப் போடும் இரண்டு மளிகைக் கடைகளில் வைத்தோம். ஒரு கடையில் ஒரு நிறம் மட்டும், மறுநாள் நிறத்தை மாற்றி. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று வழக்கமாக வாங்குபவர்களிடம் "எது பிடித்திருக்கிறது?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாரும் ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் செய்வார்கள். அவர்கள் வழக்கம்போலப் பெயரைச் சொல்லிக் கேட்க, அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று கை காட்ட முடிகிறதா என்பதை மட்டும் பார்த்தோம். மஞ்சளைக் காட்டுவதில் யாரும் திணறவில்லை. பலருடைய கண் வெள்ளைப் பாக்கெட்டைத் தாண்டி அடுத்த தட்டுக்குப் போனது. ஒரு அம்மா கையில் வாங்கிய பிறகும் "இது உங்க பொடிதானா?" என்று கேட்டார்.

அதே இரண்டு பாக்கெட்டையும் படமெடுத்து, திரையில் நகம் அளவுக்குச் சுருக்கி மகனும் நானும் பார்த்தோம். அழுக்காகத் தெரிந்ததற்குக் காரணம் மஞ்சள் அல்ல என்பது அப்போதுதான் விளங்கியது. பழைய பாக்கெட்டில் மஞ்சள் கீழே போகப் போகப் பழுப்பாக மங்கி, அதன் மேல் சிவப்பு எழுத்து இருந்தது. சுருங்கும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. மங்கலை எடுத்து ஒரே சீரான மஞ்சளாக்கி, எழுத்தை வெள்ளைப் பட்டைக்கு மாற்றியதும் திரையிலும் தெளிவாக இருந்தது. மகன் இதற்குப் பிறகும் வெள்ளையே மேல் என்றார். ஆனாலும் அவருடைய குறை தீர்ந்துவிட்டதை ஒப்புக்கொண்டார். மூவர் மஞ்சள், ஒருவர் வெள்ளை என்று பட்டியலிலேயே எழுதி வைத்தோம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஏற்கெனவே வாங்கும் ஆட்கள் அடையாளம் காண்கிறார்களா என்பதைத்தான் அது காட்டும். புதிய ஊரில், பெயரே தெரியாதவர்களிடம் எந்த நிறம் எடுபடும் என்பதை இதிலிருந்து முடிவு செய்ய முடியாது.

எங்கள் வீட்டில் மூத்தவர் சொல்வதுதான் கடைசிச் சொல். சட்டப்படி யாருக்கு அதிகாரம்?

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. தொழிலின் வழக்கமான விஷயங்களில் கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பான்மைப் பங்குதாரர்கள் முடிவு செய்யலாம். ஆனால் முடிவெடுக்கும் முன் தன் கருத்தைச் சொல்லும் உரிமை ஒவ்வொரு பங்குதாரருக்கும் உண்டு. தொழிலின் தன்மையையே மாற்றுவதற்கு அனைவரின் சம்மதமும் வேண்டும். இவை எல்லாம் உங்கள் கூட்டாண்மைப் பத்திரத்துக்கு உட்பட்டவை. பத்திரத்தில் மூத்தவருக்கோ நிர்வாகப் பங்குதாரருக்கோ தனி அதிகாரம் எழுதியிருந்தால் அதன்படிதான் நடக்க வேண்டும். ஆகவே பத்திரத்தை எடுத்து ஒரு முறை படித்துவிடுங்கள்.

பாக்கெட்டின் நிறமும் எழுத்தின் அளவும் வழக்கமான விஷயம் என்றே நான் கருதுகிறேன். நிறுவனப் பெயரை மாற்றுவதை அப்படி எடுத்துக்கொள்ளத் துணிய மாட்டேன். அதற்கு அனைவரின் கையொப்பமும் கேட்பேன். மூத்தவருடைய சொல்லே இறுதி என்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் அதை மாற்றச் சொல்வது என் வேலை அல்ல. அவர் முடிவு சொல்லும் முன் மற்ற மூவருடைய காரணங்களும் எழுத்தில் அவர் முன் இருக்கட்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்வேன். அந்த மூத்தவர் பெருங்காய வரியைப் படித்துவிட்டு, தங்கையிடம் "இதை ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார். "நீங்க கேக்கலைண்ணே" என்றார் அவர்.

தாத்தா படத்தை எடுப்பதா, பெரிதாக்குவதா? இதைப் பேசவே தயக்கமாக இருக்கிறது.

முதலில் உங்கள் வணிக முத்திரைப் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பல குடும்ப நிறுவனங்களில் பெயரும் படமும் சேர்ந்தே ஒரே முத்திரையாகப் பதிவாகியிருக்கும். அப்படியானால் இது ரசனை விஷயம் அல்ல. பதிவான முத்திரையில், அதன் அடையாளம் கணிசமாக மாறாத அளவுக்கு மட்டுமே திருத்தம் கேட்க 1999ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டம் இடம் தருகிறது. படத்தையே எடுத்துவிடுவது அந்த எல்லைக்குள் வருமா என்பதை முத்திரை வழக்கறிஞரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

அந்த வீட்டின் சான்றிதழில் படம் இருந்தது. எடுப்பதா என்ற கேள்வி அத்துடன் முடிந்து, எந்த அளவில் என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. மகன் படத்தை வேண்டாம் என்றதற்குக் காரணம், பழைய புகைப்படத்தை அப்படியே வண்ணத்தில் அச்சிட்டதால் முகம் கறைபட்டதுபோல இருந்தது என்பதே. அதே முகத்தைக் கறுப்புக் கோட்டோவியமாக வரைந்து, நிறுவனப் பெயரின் மேலே, முன்பிருந்ததைவிடச் சற்றுச் சிறிதாக வைத்தோம். மூத்தவர் கேட்ட அளவு கிடைக்கவில்லை. ஆனால் முகம் தெளிவாகத் தெரிந்ததால், தான் கேட்டது கிடைத்துவிட்டது என்றார்.

பங்குதாரர் அல்லாத மருமகள், கணக்காளர், ஏஜென்ட் சொல்வதையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் தனி வரியாக வேண்டாம். யாராவது ஒரு பங்குதாரர் அதைத் தன் கருத்தாக ஏற்றால் அவர் பெயரில் எழுதுங்கள். ஏற்கவில்லை என்றால், ஏற்கெனவே இருக்கும் ஒரு வரிக்குச் சான்றாகப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் கையெழுத்துப் போட்ட பிறகு புதுக் கருத்து வந்தால்?

வரத்தான் செய்யும், அதற்கு ஓர் இடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். நால்வரும் இரண்டு முறை கையொப்பமிடும்படி வைத்துக்கொள்கிறேன். முதல் முறை பட்டியலில், இரண்டாம் முறை சிலிண்டர் செதுக்கப் போகும் முன் வரும் வண்ண ப்ரூஃபில். இந்த இரண்டுக்கும் இடையில் வரும் கருத்தை, முன்பு சொன்ன நான்கு படிகளில் வைத்துப் பார்க்கிறேன். முதல் படியில் விழுந்தால் எந்த நேரத்திலும் வேலையை நிறுத்தித் திருத்துவேன். மற்றவை அடுத்த அச்சுக்கான தாளில், சொன்னவர் பெயரோடும் தேதியோடும் ஏறும்.

இந்த ஒழுங்கை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு குடும்பத்தின் ஊறுகாய்ப் பாக்கெட்டில், ப்ரூஃப் முடிந்த பிறகு ஒரு பங்குதாரர் தொலைபேசியில் "பின்கோடு சரியான்னு பாருங்க" என்றார். அதைத் தாளில் எழுதாமல் மனத்தில் வைத்துக்கொண்டேன், மறந்தும்போனேன். பின்கோடு தவறாகவே இருந்தது. அந்த முகவரி அடர் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இருந்ததால், ஓர் இலக்கத்துக்காக மூன்று சிலிண்டர்களை மறுபடி செதுக்க நேர்ந்தது. செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன்.

சாம்பார் பொடி வேலையில் ப்ரூஃபுக்குப் பிறகு வந்தவை மூன்று. தம்பி ரசப்பொடிக் கோட்டின் பச்சை இன்னும் அடர்த்தியாக இருக்கலாம் என்றார். மகனுடைய இணையப் பக்கம் தயாராகிவிட்டதால் கியூஆர் குறியீட்டை மீண்டும் கேட்டார். இரண்டும் அடுத்த அச்சுக்கான தாளில் இருக்கின்றன. மூன்றாவது, பெருங்காயத்தை மாவு சேராத வகைக்கு மாற்றலாமா என்று சகோதரி கேட்டது. மாற்றினால் கோதுமை அறிவிப்பை எடுக்க வேண்டும், பொருட்கள் வரியையும் திருத்த வேண்டும். இரண்டும் வெளிர் கட்டத்தில் கறுப்பு எழுத்தாக இருப்பதால் கறுப்புச் சிலிண்டர் ஒன்றே போதும். இப்போது அவர் இரண்டு வகைப் பெருங்காயத்தையும் அரைத்து வாசனை பார்த்துக்கொண்டிருக்கிறார்.